மூன்று இருக்கை காலி: பள்ளி வேன் அறிவிப்பைப் பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கிழக்குத் தாம்பரம் பக்கம் சொந்த வேன் வைத்து, அதை நானே ஓட்டிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் வேன் படத்துக்குக் கீழே ஐந்து வரி எழுதி வாட்ஸ்அப்பில் போடுவேன். இந்த ஆண்டு போட்டது இது:

> பள்ளி வேன் – ஜூன் முதல்
> முதல் நடை: மேடவாக்கம் – கௌரிவாக்கம் – சேம்பாக்கம் – ராஜகீழ்ப்பாக்கம் – கேம்ப் ரோடு – சேலையூர். இரண்டாம் நடை: அகரம்தென் – மாடம்பாக்கம் – கேம்ப் ரோடு – சேலையூர்.
> மஞ்சள் நம்பர் பிளேட், பெண் உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பின்புறக் கேமரா, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி.
> மாதக் கட்டணம்: 3 கி.மீ. வரை ரூ. 2,200, 6 கி.மீ. வரை ரூ. 2,600, அதற்கு மேல் ரூ. 3,000. ஆண்டுக்கு 11 மாதம்.
> நடைக்கு 11 பிள்ளைகள் மட்டும். காலி: முதல் நடையில் 1, இரண்டாம் நடையில் 2.

இதைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"நடைன்னா என்ன? ரெண்டு வேன் ஓடுதா?"

வேன் ஒன்றுதான், காலையில் இரண்டு முறை ஓடுகிறது. எட்டு மணிக்கு மணி அடிக்கும் பள்ளியின் பிள்ளைகள் முதல் நடையிலும், ஒன்பது மணிப் பள்ளியின் பிள்ளைகள் இரண்டாம் நடையிலும் வருகிறார்கள். முதல் நடை மேடவாக்கத்தில் 6.55க்குத் தொடங்கி 7.42க்குள் பள்ளி வாசலில் நிற்கும். உங்கள் பிள்ளை எந்த நடையில் வரும் என்பதை வீடு இருக்கும் இடம் மட்டுமல்லாமல் பள்ளியின் நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஆகவே அழைக்கும்போது வகுப்பையும் பள்ளி நேரத்தையும் முதலில் சொல்லிவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும்.

"வேன்ல 13 சீட்டுன்னு ஆர்.சி.ல இருக்காமே, நீங்க ஏன் 11ன்னு போட்டிருக்கீங்க?"

ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கையில் ஓட்டுநரின் இருக்கையும் அடங்கும். என் வண்டியில் 13 என்பது ஓட்டுநருக்கு ஒன்று, பயணிகளுக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்று உதவியாளர் அக்காவுக்குப் போய்விடுகிறது. மீதி பதினொன்றுதான் பிள்ளைகளுக்கு. அறிவிப்பில் "உதவியாளர் உண்டு" என்றும், ஆர்.சி.யில் உள்ள முழு எண்ணிக்கைக்கும் பிள்ளைகளைச் சேர்ப்பதாகவும் ஒருவர் சொன்னால், அந்த உதவியாளர் எங்கே உட்காருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சிறு பிள்ளைகளை அரை ஆளாக எண்ணி, பத்து இருக்கையில் பதினைந்து பேரை ஏற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. காகிதத்தில் அந்தக் கணக்கு எப்படி வந்தாலும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் முதுகுப் பை ஓர் ஆளின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பது வேன் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு இருக்கைக்கு மூன்று பிள்ளைகள் என்று உட்காரவைத்தால், ஓரத்தில் இருப்பவன் பாதி உடம்பை நடைபாதையில் வைத்திருப்பான். பிரேக் போட்டவுடன் முதலில் விழுபவனும் அவன்தான். அதனால் நான் அந்தக் கணக்குக்குள் போவதில்லை.

"பக்கத்து தெருவுல 1,700 ரூபாய்க்கு ஏத்துறாங்க. நீங்க ஏன் 2,600 கேக்குறீங்க?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் என் கணக்கை அப்படியே வைக்கிறேன். இரண்டு நடையும் மாலைத் திருப்பமும் சேர்ந்து வண்டி ஒரு நாளைக்கு 80 கி.மீ. ஓடுகிறது. மாதம் 22 பள்ளி நாள் என்றால் 1,760 கி.மீ. கேம்ப் ரோடு நெரிசலில் லிட்டருக்குப் பத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆக 176 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் சுமார் 16,200 ரூபாய். உதவியாளர் சம்பளம் 9,000. காப்பீடு, சாலை வரி, பெர்மிட், தகுதிச் சான்று ஆகியவற்றின் ஆண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுத்தால் 5,000. டயர், ஆயில், பிரேக் வேலைக்கு ஒதுக்குவது 5,000. ஓட்டுநர் சம்பளமாக நான் எனக்கு எடுத்துக்கொள்வது 18,000. மொத்தம் 53,200 ரூபாய். வண்டிக் கடன் முடிந்துவிட்டது. முடியாதவர்களுக்குத் தவணையும் இதில் சேரும்.

இதை 22 பிள்ளைகளால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 2,420 ரூபாய் வருகிறது. தொலைவுக்கேற்ப 2,200, 2,600, 3,000 என்று பிரித்து வாங்கும்போது மாதம் நாலாயிரம் அளவுக்கு மிஞ்சும். அந்த மிச்சம் மே மாதத்துக்குப் போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது 1,700 ரூபாயை இதே செலவில் வைத்துப் பாருங்கள். 53,200 ரூபாய் வர 32 பிள்ளைகளுக்குக் குறையாமல் வேண்டும். அதாவது நடைக்குப் பதினாறு பேர். பதினொன்று பேர் உட்காரும் வண்டியில் அந்த மீதி ஐந்து பேர் எங்கே இருப்பார்கள் என்பதுதான் விலை வித்தியாசம். எல்லாக் குறைந்த கட்டணமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே மூன்று நடை ஓட்டுபவருக்கு 1,700 கட்டுப்படியாகும். பள்ளியே செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் இடங்களிலும் கட்டணம் குறையும். ஆனால் என்னைப்போலவே மேடவாக்கத்திலிருந்து வரும் வண்டி 1,700 கேட்டால், ஒரு நாள் காலை பள்ளி வாசலில் நின்று அதிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள். ஐந்து நிமிட வேலை.

"மஞ்சள் போர்டா வெள்ளை போர்டாங்கறது அவ்ளோ முக்கியமா? வண்டி நல்லா இருந்தா போதாதா?"

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்த வண்டி. கட்டணம் வாங்கி ஆள் ஏற்ற அதற்கு அனுமதி இல்லை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து உள்ளது வாடகைக்கு ஓட உரிமம் பெற்றது. மின்சார வண்டியானால் இரண்டுக்கும் பச்சைப் பலகைதான். வாடகை வண்டியில் எழுத்து மஞ்சளாக இருக்கும்.

வேறுபாடு விபத்து நடந்த மறுநாள்தான் தெரியும். சொந்தப் பயன்பாட்டு வண்டியைக் கட்டணத்துக்கு ஓட்டியது அனுமதி மீறல் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முயலும். நீதிமன்றம் கொடுக்கச் சொன்னாலும் அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க அதற்கு வழி உண்டு. மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கும் உரிமையாளரால் அதைக் கட்ட முடியாது. பிள்ளையின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று, வாடகை வண்டியை எட்டு ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் சோதனைக்குக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை அந்தச் சோதனையே கிடையாது.

"நீங்க சொல்றத எப்படி நம்புறது? நாங்களே பாத்துக்க வழி இருக்கா?"

இருக்கிறது, அப்படிப் பார்ப்பதுதான் சரி. கைப்பேசியில் mParivahan செயலியை இறக்கி வண்டி எண்ணை இட்டால் வாகன வகை, தகுதிச் சான்று முடியும் நாள், காப்பீடு முடியும் நாள் ஆகியவை தெரியும். அறிவிப்புப் படத்தில் நம்பர் பிளேட்டை நான் மறைக்காமல் போடுவது இதற்காகத்தான். படத்தில் பிளேட்டை மங்கலாக்கியிருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அதன்பிறகு வண்டியை நேரில் பாருங்கள். தீயணைப்பானின் கழுத்தில் சிறு வட்ட அளவி இருக்கும். முள் பச்சையில் நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்தின் காலாவதித் தேதியைப் படியுங்கள். கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு உள்ளே ஒரு பிள்ளை தள்ளினால் திறக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். யாரும் இதைச் செய்வதில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து இறந்தாள். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டில்தான் வந்தன. எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறக்கவில்லை. விரிப்பைத் தூக்கச் சொல்லும் பெற்றோரிடம் நான் கோபித்துக்கொள்வதும் இல்லை.

"கேமரா, ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கே, அப்புறம் ஆயா எதுக்கு? அவங்க சம்பளத்த குறைச்சா ஃபீஸ் குறையுமே?"

தலைக்கு நானூறு ரூபாய் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பின்புறக் கேமரா நான் பின்னால் எடுக்கும்போது மட்டும் உதவும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் வண்டியின் மூக்குக்கு நேர் கீழேயும் இடப்பக்க முன்சக்கரத்தை ஒட்டியும் நிற்கும் ஒரு யு.கே.ஜி. பிள்ளை என் கண்ணுக்குத் தெரியாது. கதவு இடப்பக்கம், இறங்கிய பிள்ளை கீழே விழுந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கக் குனிவதும் அதே இடத்தில்தான். 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் உயிரிழந்தான். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களில் கேமராவும் உணர்கருவியும் கட்டாயமாயின. இருந்தாலும், இறங்கிய பிள்ளையைக் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து "போலாம்ண்ணா" என்று ஒரு குரல் சொல்லாமல் நான் கிளட்சிலிருந்து காலை எடுப்பதில்லை.

உதவியாளருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பள்ளியில் எல்லோரும் இறங்கியபின் கடைசி வரிசை வரை நடந்துபோய் ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் பார்ப்பார். காலை ஏழு மணி வேனில் தூங்காத எல்.கே.ஜி. பிள்ளை இல்லை. தூங்கிய பிள்ளை சரிந்து கீழே போய்விட்டால் முன்னாலிருந்து பார்க்கும்போது வண்டி காலியாகத்தான் தெரியும். ஏறியவர்கள் பதினொன்று, இறங்கியவர்கள் பதினொன்று என்று நோட்டில் எழுதிய பிறகுதான் கதவு பூட்டப்படும்.

"எங்க வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கலாமே? மெயின் ரோடு வரைக்கும் ஏன் வரணும்?"

தெரு அகலமாக இருந்து, மறுமுனையில் வெளியேற வழியும் இருந்தால் வருவேன். முட்டுச்சந்து என்றால் பின்னாலேயே எடுத்து வெளியே வர வேண்டும். கேமரா உதவினாலும் பிள்ளைகள் நடமாடும் தெருவில் அது ஆபத்து. அதனால் முட்டுச்சந்துக்குள் வேன் வராது.

வீடு சாலையின் எதிர்ப்புறம் இருந்தால் பிள்ளையைத் தனியாகச் சாலை கடக்க வைப்பதில்லை. முடிந்தவரை திரும்பி வரும்போது வீட்டுப் பக்கமாக நிறுத்துகிறேன். முடியாத இடத்தில் உதவியாளர் இறங்கி வந்து அழைத்துச் செல்வார். காத்திருப்பது இரண்டு நிமிடம்தான். முதல் நடையில் எட்டு நிறுத்தம். நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் தாமதித்தால் பதினாறு நிமிடம் போய், பள்ளிக் கதவு சாத்தப்பட்டுவிடும். அந்தப் பதினாறு நிமிடத்தை ஓட்டத்தில் ஈடுகட்டச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பதே அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

"என் பொண்ணு காலைல முதல்ல ஏறி, சாயங்காலம் கடைசியா இறங்குறா. இது நியாயமா?"

நியாயமில்லை, ஆனால் நேர்கோட்டுத் தடத்தில் தொலைவில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் அமையும். மேடவாக்கத்துப் பிள்ளை காலையில் 47 நிமிடம் வண்டியில் இருக்கிறது. மாலையில் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் வேன் மற்ற எல்லோரையும் வைத்துக்கொண்டு மேடவாக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒருவருக்குக் குறையும் அரை மணி நேரம் பத்துப் பேருக்குக் கூடும். இரண்டாம் நடை வட்டமாகச் செல்வதால் அதில் காலையில் முதலில் ஏறியவரை மாலையில் முதலில் இறக்கிவிட முடிகிறது. சேரும் முன்பே, "மொத்தம் எத்தனை நிமிடம் வண்டியில் இருக்கும்?" என்று கேளுங்கள். தடத்தின் பெயர்களைப் படித்தால் அது தெரியாது.

"மே மாசம் ஸ்கூல் லீவு, சரி. காலாண்டு, அரையாண்டு லீவுக்கும் ஏன் முழு ஃபீஸ்?"

ஜூன் முதல் ஏப்ரல் வரை 11 மாதம் வாங்குகிறேன். மே மாதத்துக்கு வாங்குவதில்லை. விடுமுறை நாளில் மிஞ்சுவது டீசல் மட்டும்தான். மேலே சொன்ன 53,200இல் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற செலவு வண்டி நின்றாலும் ஓடும். மே மாதத்தில் உதவியாளருக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறேன்; இல்லையென்றால் ஜூனில் புது ஆள் வருவார், அவருக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாது. பள்ளி வாகனங்களை அதிகாரிகள் சோதிப்பதும் அந்த மாதத்தில்தான். பெயின்ட், பிரேக், இருக்கை வேலை எல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும். மாதாமாதம் மிஞ்சும் நாலாயிரம் போகும் இடம் இதுதான்.

மழைக்காலத்தில் ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவித்தால் அன்றைய கட்டணத்தையும் கழிப்பதில்லை. அதற்குப் பதிலாக, வண்டி பழுதாகி நான் வராத நாளில் மாற்று வண்டியின் செலவு என்னுடையது. மாற்று வண்டியும் மஞ்சள் பலகையாகத்தான் இருக்கும்; அதன் எண்ணை முன்கூட்டியே குழுவில் போட்டுவிடுவேன்.

"காலைல மட்டும் வேன் போதும். பாதி ஃபீஸ்தானே?"

பாதி அல்ல, எழுபது சதவீதம். 2,600 ரூபாய் தடத்துக்கு 1,820 ஆகும். மாலையில் அந்த இருக்கையை மட்டும் நிரப்ப இன்னொரு பிள்ளை கிடைப்பது அரிது. காலியாக ஓடும் இருக்கையின் செலவில் ஒரு பகுதியை நானும் ஒரு பகுதியை நீங்களும் ஏற்கிறோம். காலை மட்டும் வருபவரும் மாலை மட்டும் வருபவரும் ஒரே தடத்தில் அமைந்துவிட்டால் இருவருக்கும் பாதிதான். இதுவரை ஒரே ஒருமுறை அப்படி அமைந்தது.

"லைவ் லொகேஷன பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டா எல்லாருக்கும் வசதிதானே?"

போடுகிறேன், ஆனால் நடை ஓடும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரம் வரை விடலாம். அப்படி விட்டால் பிள்ளைகள் எங்கே, எப்போது இறங்குகிறார்கள் என்பது வேனை விட்டு நின்றபின்னும் குழுவில் இருக்கும் பழைய உறுப்பினரின் கைப்பேசிக்கும் போய்ச் சேரும். ஆண்டுத் தொடக்கத்தில் குழுவைப் புதிதாகத் தொடங்குவதும் அதனால்தான்.

இதே காரணத்தால், என் அறிவிப்புக்குக் கீழே பொதுவில் பதில் எழுதும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, தெரு ஆகியவற்றை எழுத வேண்டாம். "மகள் மூன்றாம் வகுப்பு, மாலையில் தனியாகத்தான் வீட்டுக்கு நடந்து வருவாள், நிறுத்தம் பக்கமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தவுடன் அழைத்து நீக்கச் சொன்னேன். அந்த வரியை யார் யார் படித்திருப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நாங்க வீட்ல இல்லன்னா பக்கத்து வீட்ல விட்டுடுங்களேன், போன்ல சொல்றேன்."

போனில் சொன்னால் விட மாட்டேன். சேரும்போது பிள்ளையைப் பெற்றுக்கொள்ளக்கூடிய மூன்று பேரின் பெயரும் படமும் வாங்கிக்கொள்கிறோம். அவர்களில் ஒருவர் வாசலில் இருந்தால்தான் பிள்ளை இறங்கும். ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா கையை நீட்டினார், பிள்ளையும் "தாத்தா!" என்று குதித்தது. பட்டியலில் அவர் இல்லை. பிள்ளையை இருக்கையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். அவர் இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்கினோம். தாத்தாவுக்குக் கோபம்தான். மறுநாள் அவர் படத்தையும் பட்டியலில் சேர்த்தோம்.

யாருமே இல்லையென்றால் பிள்ளை வண்டியிலேயே இருக்கும். மற்றவர்களை இறக்கிவிட்டுக் கடைசியில் மீண்டும் உங்கள் வீட்டுக்கு வருவோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அதுவே வாரம் இருமுறை என்றாகிவிட்டால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

"இன்னும் முடிவு பண்ணல. அதுவரைக்கும் ஒரு சீட்டு பிடிச்சு வைங்க, விட்டுடாதீங்க."

முன்பணம் இல்லாமல் ஏழு நாள் வைத்திருப்பேன். அதற்குப் பிறகு வரிசையில் அடுத்தவரை அழைத்துவிடுவேன். அறிவிப்பில் "காலி 3" என்று இருப்பது நான் அதைப் போட்ட நாளின் கணக்கு; இருக்கை நிரம்பியதும் எண்ணை மாற்றி அறிவிப்பை மீண்டும் போடுவேன். முதல் நடையின் ஒரே இருக்கை இப்போது ஒருவருக்காக வியாழக்கிழமை வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் நடையின் இரண்டும் காலியாகவே உள்ளன. மாடம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் அழைத்தால் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.